கீழே இரண்டு அங்குலம்

டொக்டர் சிவதர்ஷனின் பவர்பொயின்டில் அறுபத்திரண்டு ஸ்லைட் இருந்தது. அதைத் திறக்கும்போது கிளினிக்கின் பழைய கணினி ஒருதரம் இருமிவிட்டுத்தான் திறக்கும் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் கைறுன்னிஸா அதைத் தன் இரண்டு காதாலும் கேட்டவள்.

கைறுன்னிஸா ஏறாவூரில் சீனி வருத்த, அதாவது நீரிழிவு, கிளினிக்கின் தாதி. ஐம்பத்தொரு வயது. கணவன் மௌத்தாகி ஒன்பது வருஷம். ஒரே மகள் கட்டாரில். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்குப் பிறகு மகள் அழைப்பாள். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டுச் சுவரில் ஒரு பல்லி மட்டுமே குரல் கொடுக்கும். அது இவளுடைய கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லும் என்பது அவளே பரப்பிய கதை.

நோன்பு வர மூன்று வாரம் இருந்தது. சீனி வருத்தம் உள்ளவர்கள் நோன்பை எப்படிப் பிடிப்பது, எப்போது விடுவது என்று டொக்டர் ஒரு கூட்டத்தில் பேசப்போகிறார்.

"மிஸ், சனத்துக்கு வீட்ட கொண்டுபோக ஒரு தாள் வேணும். ஒரு பக்கத்தில ஆறு ஸ்லைட் வாற மாதிரிப் போட்டு அடிச்சா முடிஞ்சுது" என்றார் டொக்டர்.

அவள் அப்படியே அடித்துப் பார்த்தாள். எழுத்தெல்லாம் கறுப்பு எறும்பு ஊர்ந்ததுபோல் வந்தது. அதைவிட மோசம், சாப்பிடக்கூடிய உணவைப் பச்சையிலும் கூடாததைச் சிவப்பிலும் காட்டிய அட்டவணை. போட்டோகொப்பிக் கடை றிஸ்லானின் மெஷினில் இரண்டு நிறமும் ஒரே சாம்பலாகிவிட்டன.

"கறுப்பு வெள்ளையில இப்பிடித்தான் வரும் மிஸ். இதப் பாத்து ஆரும் சக்கர போட்ட வட்டிலப்பத்தப் பச்சையெண்டு நினைச்சா?" என்றான் றிஸ்லான்.

"மறுகா நீதான் வந்து அவங்களக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு வருவாய்" என்று அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

அன்று தொடங்கிய வேலை. ஒவ்வொரு ஸ்லைடையும் திறந்து ஒரே கேள்வியைக் கேட்டாள்: வீட்டில் அடுப்படியில் நிற்கிற மனிசி இதை வைத்து என்ன செய்வாள்? உலகத்தில் எத்தனை கோடிப் பேருக்குச் சீனி என்ற வரைபடம் போனது. கணையத்தின் வெட்டுமுகப் படம் போனது. டொக்டருக்கு அது செல்லப்பிள்ளை. மேடையில் விளக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். வீட்டுச் சுவரில் அது உரித்த பலாச்சுளைபோல் தொங்கும். ஐம்பத்து நான்கு ஸ்லைட் இப்படிக் கழிந்தது.

சில இடத்தில் எடுப்பது போதவில்லை, சேர்க்கவேண்டியிருந்தது. நாற்பத்தோராம் ஸ்லைடில் பெரிதாக எழுபது என்ற எண் மட்டும் இருந்தது. மீதியை டொக்டரின் வாய் சொல்லும். தாளுக்கு வாயில்லையே. ஆகவே அவள் எழுதினாள்: "இரத்தத்தில் சீனி எழுபதுக்குக் கீழே போனால், அல்லது முந்நூறுக்கு மேலே ஏறினால், நோன்பை உடனே விடவும். அளக்கும் கருவி இல்லாதவர், வியர்த்து, நடுங்கி, நெஞ்சு படபடத்தால் விடவும். சீனி குறைந்தால் நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவும். கால்மணி நேரத்தில் மீண்டும் பார்க்கவும்." மாத்திரையையும் இன்சுலினையும் கிளினிக்கில் கேட்காமல் தாமாக மாற்றக்கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டாள். ஒரு பக்கத்தோடு நிறுத்தினாள். சுவரில் ஒட்டினால் பின்பக்கத்தைப் பல்லிதான் படிக்கும்.

நாற்பத்துநாலாம் ஸ்லைடில் கை நின்றது.

"வீட்டில் உள்ளவர்களிடம் அறிகுறிகளைச் சொல்லி வையுங்கள்." பக்கத்தில் தாத்தா, பாட்டி, பிள்ளைகள் என்று ஏழு பேர் சிரித்துக்கொண்டிருக்கிற படம். கைறுன்னிஸா அந்த ஏழு பேரையும் நெடுநேரம் பார்த்தாள். பிறகு அந்த வரியை அழித்துவிட்டு வேறொன்று எழுதினாள்: "தனியே இருப்பவர் தினமும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒருவருக்கு மிஸ்ட் கோல் கொடுக்கவும். கேட்டதற்கு அடையாளமாக அவர் அதை வெட்டிவிடுவார். ஒரு பக்கத்தில் சத்தம் இல்லாவிட்டால் மற்றவர் சீனித் தண்ணீரோடு நேரில் போய்ப் பார்க்கவும். மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கவும்." அதன் கீழே ஒரு வெற்றுக் கோடு: "என்னுடைய ஆள்: ........ போன்: ........"

இதற்கு இரண்டு அங்குலம் பிடித்தது. கூட்டத்துக்கு உதவி செய்த மூன்று நிறுவனங்களின் சின்னங்களுக்கென்று டொக்டர் தாளின் கீழே வைத்திருந்த அதே இரண்டு அங்குலம்.

"மிஸ், சின்னங்கள் எங்க?"

"இடமில்ல டொக்டர்."

"இந்தக் கோட்ட எடுத்தா இடம் வரும். இந்தப் பக்கம் எல்லாரும் கூட்டுக் குடும்பம்தானே. ஆர் மிஸ் தனிய இருக்காங்க?"

"நான் இருக்கன் டொக்டர்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"சின்னம் கடைசி ஸ்லைட்ல கிடக்கட்டும். திரையில பெருசாத் தெரியும்" என்றார்.

கூட்டத்துக்கு நூற்று நாற்பது பேர் வந்தார்கள். முடிந்ததும் கோட்டை நிரப்பப் பேனா கேட்டவர்கள் சிலர். அதில் முதலாள், ஊருக்கெல்லாம் அண்ணன் முறையான சரீப் காக்கா, வாவியில் இறால் பிடிப்பவர், மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை.

"மிஸ், எனக்கு எழுத ஆளில்ல. உங்கட நம்பரப் போடட்டா?"

"போடுங்க காக்கா."

அதைக் கேட்டுக்கொண்டு நின்ற இன்னும் பத்துப் பேர் அதையே செய்தார்கள். நூற்று நாற்பது பேரில் பதினொரு பேர்! கூட்டுக் குடும்பம் என்ற ஊரில்.

நோன்பு தொடங்கியது. அஸருக்குப் பிறகு கைறுன்னிஸாவின் போன் பதினொரு தரம் அடிக்கும், பதினொரு தரம் வெட்டுவாள். ஒருவரோடும் ஒரு சொல் பேசுவதில்லை. அப்படியும் அந்தக் கால்மணி நேரம் வீடு கலியாண வீடுபோல் இருந்தது. அவள் கணக்குப்படி பல்லி பொறாமையில் இளைத்துவிட்டது. பிறகு நோன்பு திறக்க ஒற்றைக் கோப்பை, மூன்று பேரீச்சம்பழம். கதவுக்குப் பின்னால் அவளும் ஒரு தாளை ஒட்டியிருந்தாள். அதில் கோடு வெறுமையாகவே கிடந்தது. மற்றவருக்காகச் செய்ததில் தனக்கும் ஓர் ஆளைத் தேட அவளுக்கு வெட்கம்.

பத்தொன்பதாம் நோன்பில் அவளுக்குக் காய்ச்சல். நோன்பை விட்டு, மாத்திரை போட்டுப் படுத்தவள் அயர்ந்துபோனாள். வாசல் கேற்றை யாரோ உடைப்பதுபோல் தட்டிய சத்தத்தில்தான் விழித்தாள்.

சரீப் காக்கா நின்றார். இடுப்பில் வாவித் தண்ணீர் சொட்டும் சாரம், கையில் ஒரு போத்தல். சைக்கிளை மிதித்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"நீங்க வெட்டல மிஸ்."

"என்ன காக்கா இது?"

"சீனித் தண்ணி."

"எனக்குச் சீனி வருத்தம் இல்லயே காக்கா!"

"அது எனக்குத் தெரியாது. தாள்ல கிடக்கு, சத்தமில்லாட்டிப் போய்ப் பாக்கச் சொல்லி. மயங்கிக் கிடந்தா ஊத்தக்கூடாது எண்டும் கிடக்கு. அதான் முதல்ல தட்டிப் பாத்தன்."

அவள் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், கேற்றைப் பிடித்துக்கொண்டாள். போனைப் பார்த்தாள். பதினொரு தவறிய அழைப்பு. அதற்குள் தெருமுனையில் இன்னொரு சைக்கிள் மணி கேட்டது.

"பாங்கு சொல்லப் போறாங்க, நான் வாறன்" என்று காக்கா சைக்கிளைத் திருப்பினார்.

"நில்லுங்க. நோன்ப இங்க திறந்துட்டுப் போங்க. பேரீச்சம்பழம் இருக்கு." சொல்லிவிட்டு உள்ளே போனவள், கதவுக்குப் பின்னால் இருந்த தாளைப் பிய்த்துக்கொண்டு வந்தாள்.

"காக்கா, உங்கட நம்பரச் சொல்லுங்க."

"அது உங்கட போன்ல கிடக்கே."

"அதில கிடக்கு. இதில இல்ல."

அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, அவள் கேற்றுத் தூணில் தாளை வைத்து எழுதினாள்.