காற்று நேராக வரும் இடம்

என் வயிற்றில் மூத்தவள் இருந்தபோது மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு முறைப்பாடு வந்தது. வானிலைக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. "காத்து மெஷின் வேலை செய்யல" என்றார்கள். அந்தத் தோட்டத்தில் காற்றின் வேகம் ஓர் அளவைத் தாண்டினால் தொழிற்சாலைச் சங்கு தானாக ஊதும். மலையில் கொழுந்து பறிப்பவர்கள் உடனே இறங்கிவிடுவார்கள். தேயிலைக்கு நடுவே நிற்கும் நிழல் மரங்களின் கிளைகள் காற்றில் முறிந்து விழும் என்பதால் செய்த ஏற்பாடு. முந்தின வாரம் கிளை விழுந்தது. சங்கு ஊதவில்லை. ஒரு பெண்ணுக்குத் தோள் எலும்பு உடைந்துவிட்டது.

தனியாகப் போக வேண்டாம் என்று என் கணவர் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். அம்பிட்டியவில் வீட்டைப் பூட்டும்போதே என் கருவிப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டவர், குட்ஷெட் நிலையத்தில் பஸ் ஏறும் வரை இறக்கவில்லை. பஸ் ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் தன் கையை முன் சீட்டுக் கம்பிக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

தோட்டத்தின் வெளிக்கள உத்தியோகத்தர் எங்களைத் தொழிற்சாலைக்குப் பின்பக்கம் அழைத்துப் போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கம்பம் நின்றது. உச்சியில் காற்றுத் திசைகாட்டியும் கிண்ணங்கள் சுழலும் காற்றுமானியும் இருந்தன. ஒரு பக்கம் மூன்று மாடி உயரத் தொழிற்சாலை. மறுபக்கம் பெரிய பலா மரம்.

அடியில் கீல் வைத்த கம்பம் என்பதால் ஏற வேண்டியிருக்கவில்லை. கணவரும் உத்தியோகத்தருமாகக் கயிற்றைத் தளர்த்திக் கம்பத்தை மெல்லச் சாய்த்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். கிண்ணங்களை விரலால் தொட்டதும் இழுவையில்லாமல் சுழன்றன. திசைகாட்டியின் வடக்குக் குறியைக் கம்பம் நிமிர்ந்து நின்றபோதே காந்த ஊசியோடு ஒப்பிட்டிருந்தேன், சரியாக இருந்தது. வயரிலும் பழுதில்லை.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு ஐயா. நிக்கிற இடந்தான் சரியில்ல" என்றேன்.

அவர் நம்பவில்லை. மூங்கில் கழி ஒன்றின் நுனியில் நீளமான பிளாஸ்டிக் நாடாவைக் கட்டி, கம்பம் நின்ற இடத்தில் கணவரைப் பிடிக்கச் சொன்னேன். தென்மேற்குக் காற்று தொடங்கியிருந்த நாட்கள் அவை. நாடா ஒரு கணம் கிழக்கே பறந்தது. பிறகு தொய்ந்து விழுந்தது. திடீரெனத் திரும்பித் தொழிற்சாலைப் பக்கமே ஓடியது. பின்பு அதே கழியைக் கட்டடத்தைத் தாண்டிப் பாதையோரம் கொண்டுபோகச் சொன்னேன். அங்கே நாடா ஒரே பக்கமாக நீண்டு படபடத்தது.

"காத்து கட்டடத்துல மோதி மேல ஏறி, இந்தப் பக்கம் வந்து சுழலுது. அதுனால கிண்ணம் மெதுவாச் சுத்துது. திசைகாட்டிக்கும் எந்தப் பக்கம்னு தெரியல. மலையில அடிக்கிற காத்து இதுக்கு வந்து சேரவே இல்ல."

"அப்ப ஃபெக்டரிக் கூரை மேலயே வச்சிருவமா?"

"கூரை விளிம்புல ஏறுற காத்து இன்னும் வேகமாப் போகும். அங்க வச்சா சும்மா சும்மா சங்கு ஊதும். அப்புறம் ஊதினாலும் யாரும் இறங்க மாட்டாங்க."

அவர் பலா மரத்தைப் பார்த்தார். "அப்படின்னா இத வெட்டிறலாம்."

பக்கத்திலிருந்த தொழிலாளர் குடியிருப்பின், லயத்தின், வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா அப்போது கிட்ட வந்தார். இடது கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டிருந்தார். கிளை விழுந்தது இவர் மேல்தான் என்று உத்தியோகத்தர் சொன்னார்.

"வெட்டுங்க ஐயா," என்றார் அந்த அக்கா. "எங்க லயமே இதுல காய்க்கிறதத்தான் ஆக்கித் திங்கிறோம். இருந்தாலும் பரவாயில்ல. நாளைக்கு இன்னொருத்தி மேல விழக் கூடாது."

சொல்லும்போது அவர் மரத்தைப் பார்க்கவில்லை. என் வயிற்றைத்தான் பார்த்தார்.

"வெட்ட வேணாங்கா," என்றேன். "மரத்த வெட்டினாலும் கட்டடம் இருக்குமே. தென்மேற்குக் காத்த மறைக்கிறது அதுதான். கம்பத்தத்தான் வேற எடத்துக்குத் தூக்கணும்."

எவ்வளவு தூரத்துக்கு என்று உத்தியோகத்தர் கேட்டார். மறைக்கும் பொருளின் உயரத்தைப் போலக் குறைந்தது பத்து மடங்கு தள்ளி இருக்க வேண்டும் என்றேன். அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, தோட்டத்து விளையாட்டு மைதானம்கூடப் போதாது என்று உதட்டைப் பிதுக்கினார்.

"மேல பழைய தேயிலையப் புடுங்கிட்டுப் புல்லுப் போட்ட மலை இருக்குல்ல," என்றார் அந்த அக்கா. "அங்க நிழல் மரம் ஒண்ணுமில்லையே."

அந்த இடத்தைக் கண்ணால் பார்க்காமல் நான் சரியென்று சொல்ல முடியாது. ஆனால் கணவர் குறுக்கே நின்றார்.

"இந்த ஏத்தத்துல நீ ஏறப் போறியா? ஃபோட்டோ எடுத்துட்டு வாறேன், அதப் பாரு."

"ஃபோட்டோவுல காத்து தெரியாதுங்க."

"விழுந்துட்டா?"

எனக்கு முன்பு ஒரு முறை கரு தங்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதே இல்லை.

அந்த அக்காதான் என் கையைப் பிடித்தார். "நான் கூட்டிட்டுப் போறேன் தம்பி. கொழுந்து லொறி போற ரோட்டால சுத்திப் போனா ஏத்தமே தெரியாது. ரெண்டு எடத்துல உக்காந்து போவோம்."

அப்படியே போனோம். ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, தன் உடைந்த தோளைக் காற்றுக்கு மறைத்தபடி அவர் நடந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். ராத்திரி புரண்டு படுக்கும்போது மட்டும்தான் என்றார். கணவர் கழியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

மேலே புல் மலை பரந்து கிடந்தது. உத்தியோகத்தர் நேராக முகட்டு விளிம்புக்குப் போய், "இதான் உச்சி, இங்க நடுவமா?" என்று கத்தினார். சரிவில் ஏறும் காற்று விளிம்பில் வேகம் பிடிக்கும். ஆட்கள் கொழுந்து பறிக்கும் இடத்துக் காற்றைவிட அது அதிகமாகக் காட்டும் என்று சொல்லி அவரை உள்ளே கூப்பிட்டேன். விளிம்பிலிருந்து தள்ளி, ஓரளவு சமமான மேடு ஒன்றில் நாடா சீராகப் பறந்தது. மலைநாட்டில் குறையே இல்லாத இடம் கிடைக்காது. மார்கழியில் வடகிழக்குக் காற்று வரும் பக்கத்தையும் பார்த்தேன். அங்கும் மறைப்பில்லை. இதைச் சுற்றி மறுபடி தேயிலை நட்டாலும் நிழல் மரம் மட்டும் வைக்கக் கூடாது என்று உத்தியோகத்தரிடம் சொல்லி வைத்தேன்.

கீழே இறங்கியதும் அந்த அக்கா எங்களைத் தன் வீட்டுக்குள் உட்கார வைத்து, சோறும் பிஞ்சுப் பலாக்காயில் ஆக்கிய பொலோஸ் கறியும் போட்டார். நான் கேட்காமலே இரண்டாம் முறையும் பரிமாறினார். கணவர் சாப்பிடாமல் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அக்காவிடம், "இவ இவ்வளவு சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு" என்றார்.

அடுத்த வாரம் அலுவலக வான் வண்டியில் சோலார் தகடும் சங்குக்குச் செய்தி அனுப்பும் ரேடியோப் பெட்டியும் கொண்டுபோய்க் கம்பத்தை மேட்டில் நிறுத்தினோம். முப்பது அடிக்குச் சற்று மேலே, குறுக்குக் கம்பியின் ஒரு முனையில் கிண்ணங்கள், மறுமுனையில் திசைகாட்டி. ஒன்று மற்றதன் காற்றை மறைக்காத இடைவெளி. அவையும் காற்றை மறைக்காமலிருக்கத் தகட்டையும் பெட்டியையும் மிகவும் கீழே பொருத்தினேன்.

ஒரு மாதம் கழித்து, பிரசவ லீவில் வீட்டில் படுத்திருந்த ஒரு மத்தியானம் உத்தியோகத்தர் ஃபோன் செய்தார். "மிஸ், சங்கு ஊதிருச்சு. எல்லாரும் இறங்கிட்டாங்க. நிழல் மரத்து வாது ஒண்ணு விழுந்திருக்கு, அடியில ஆள் இல்ல." இதைச் சொல்லிவிட்டு ஃபோனை யாரிடமோ கொடுத்தார்.

"தங்கச்சி, நாந்தான்." தோள் உடைந்த அக்கா. கை இன்னும் சரியாகாததால் மலைக்குப் போகாமல், இறங்கி வருபவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற வந்திருந்தாராம். "எல்லாரும் மழையில நனைஞ்சு கோழி மாதிரி நிக்கிறாளுக. கூட்டத்துல கத்துறாளுக கேளுங்க."

தொழிற்சாலைக்குள் நெருக்கியடித்து நின்ற பெண்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டன. யாரோ தன் கூடை எங்கே என்று கேட்டார்கள். நான் ஸ்பீக்கரைப் போட்டேன். கணவர் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ஃபோனை வைக்கும் வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.