டிராயரின் பிடி

எங்கள் பல் மருத்துவமனையில் அவளை எல்லோரும் உறைக்கார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவளே நான்தான். முன்னறையில் உட்கார்ந்து ஆள் பெயர் எழுதுகிறவள் நான். உள்ளே டாக்டருக்குப் பக்கத்தில் நின்று உதவி செய்பவள் அவள். ஒருவர் எழுந்து போனால், அடுத்தவர் நாற்காலியில் உட்காருவதற்குள் விளக்கின் பிடி, தலைசாய்ப்பு, பட்டன்கள், எச்சில் உறிஞ்சும் குழாய் என்று எல்லாவற்றிலும் பழைய பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, துடைத்து, புது உறை மாட்டுவாள். கையுறையைக் கழற்றியதும் கை கழுவுவாள், புதிது போடும்முன் மறுபடி கழுவுவாள். விரலிடுக்கெல்லாம் வெடித்துப்போயிருக்கும்.

"கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு அலங்காரம் பண்ண மாட்டாங்க அக்கா, சீக்கிரம்!" என்று கத்துவேன்.

"வாயில விடுற கைடி. உன் வாயாயிருந்தா அவசரப்படுத்துவியா?" என்பாள்.

கணவன் போன பிறகு அவளுக்கு உறவென்று இருந்தது ஒரு தங்கச்சிதான். பல் பிடுங்கப் பயந்து ஒரு வருஷம் வலியோடு கிடந்தவளை, "நான் பக்கத்துல இருக்கேன், வா" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அன்றைக்கு இடுப்பொடிகிற கூட்டம். தங்கச்சிக்கு முன்னால் ஒரு லாரி ஓட்டுநர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதும் ரத்தம் நிற்கவில்லை. தேவையானதையெல்லாம் முன்பே எடுத்துத் தட்டில் வைத்துவிடுவது அக்காவின் பழக்கம். அன்று தட்டிலிருந்த பஞ்சு தீர்ந்துபோயிற்று. "பஞ்சு, பஞ்சு!" என்றார் டாக்டர். நானோ வெளியிலிருந்து, "ஆளுங்க சண்டைக்கு வர்றாங்க!" என்று கத்திக்கொண்டிருந்தேன். என் நாக்கில் இடி விழ.

மூன்று மாதம் கழித்துத் தங்கச்சிக்கு மஞ்சள் காமாலை வந்தது. ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி. ஈரல் வேகமாகக் கெட்டுக்கொண்டு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கடந்த ஆறு மாதத்தில் அவள் ஊசி குத்திக்கொண்டதோ பல் பிடுங்கியதோ எங்கே என்று கேட்டு, சுகாதார அதிகாரியம்மா எங்களிடம் வந்துவிட்டார்.

டாக்டர் முந்தின நாளே எங்களை உட்கார வைத்துப் பேசியிருந்தார். "பதினஞ்சு வருஷமா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. வேற எங்கயாவது ஒட்டியிருக்கும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்."

அதிகாரியம்மா அக்காவின் கையுறையில் ரத்தத்துக்குப் பதிலாக, ஊதா விளக்கில் மின்னும் ஒரு மாவைத் தடவி, ஒரு பல் பிடுங்குவது போல நடித்துக் காட்டச் சொன்னார். "பாதியில பஞ்சு தீர்ந்துடுச்சுன்னு வச்சுக்கோங்க" என்றார். பிறகு அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைப் பிடித்தார். மாவு பட்ட உறைகளெல்லாம் மின்னின. அவற்றைக் கழற்றிப் போட்டதும் அங்கே சுத்தமாக இருந்தது. ஆனால் பஞ்சு வைக்கும் டிராயரின் பிடி மட்டும் தனியாகப் பளீரென்று மின்னியது.

அதற்கு ஒருநாளும் உறை போட்டதில்லை. ரத்தக் கையுறையோடு யார் டிராயரைத் திறக்கப்போகிறார்கள் என்ற நினைப்புதான்.

அதிகாரியம்மா, "அன்னைக்கு இந்த மாதிரி நடந்துச்சா?" என்றார். டாக்டர் தரையைப் பார்த்தார். இல்லை என்று ஒரு சொல் போதும், எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"நடந்துச்சும்மா. ரத்தக் கையோட நான்தான் திறந்தேன்" என்றாள் அக்கா. "அப்புறம் கை கழுவி, புது கிளவுஸ் மாட்டிக்கிட்டு, அதே பிடியத் தொட்டுத்தான் பஞ்சு எடுத்தேன். அந்தப் பஞ்சைத்தான் என் தங்கச்சி வாயில வச்சேன். அவளுக்குப் பின்னாடி ஆறு பேர் வந்தாங்க. அவங்களக் கூப்பிட்டுப் பாருங்க."

அத்தனை பேருக்கும் போன் செய்தது நான்தான். ஓட்டுநர் ரத்தத்தில் அந்தக் கிருமி இருந்தது. அந்த மனுஷனுக்கே அதுவரை தெரியாது. பின்னால் வந்த ஆறு பேரில் ஒருவருக்கு ஒட்டியிருந்தது. மருத்துவமனைக்குப் பூட்டு விழுந்தது. டாக்டர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் போனார்.

பூட்டு விழுந்த அன்று மாலை ஆஸ்பத்திரிக்கு அக்காவோடு நானும் போனேன். வழியெல்லாம், "எனக்குத் தடுப்பூசி போட்டிருக்குடி, அவளுக்குப் போடலையே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வார்டு வாசலில் கை கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். நான்தான் குழாயை மூடினேன்.

கட்டிலருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள், டிராயர் வரைக்கும். தங்கச்சிக்குக் கண்ணெல்லாம் மஞ்சள், பாதி நினைவு. என்ன புரிந்ததோ.

"நீ பக்கத்துல இருந்தல்லக்கா" என்றாள். "அதான் பயப்படாம வாயத் திறந்தேன்."

நான்காம் நாள் தங்கச்சி போய்விட்டாள்.