கோபிகாவின் லாப்டொப்

சுன்னாகத்தில், வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு வரைபடம் வரையும் சிறிய நிறுவனமொன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் ஜெயசுதன். பருத்தித்துறையில் வீட்டிலிருந்தே வேலை செய்த கோபிகா ஒருநாள் காலை அவனை அழைத்தாள்.

"அண்ணை, வி.பி.என். கனெக்ட் எண்டுதான் காட்டுது. ஆனால் ஒரு வெப்சைட்டும் திறக்குதில்லை. அதை நிப்பாட்டினால் எல்லாம் திறக்குது."

அந்தக் கடைசி வசனத்தை அவன் காதில் வாங்கவில்லை. வேறு யாருக்கும் பிரச்சினை இல்லாததால், அவளுடைய வீட்டு இன்டர்நெட் லைன்தான் பிழை என்று மேலாளர் சோமசேகரத்திடம் சொல்லிவிட்டான். அவர் கோபிகாவை நாளும் அலுவலகம் வரச் சொன்னார். வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் நுழையத்தான் வி.பி.என்., அலுவலகத்துக்குள் அது தேவையில்லை; லாப்டொப் ஒழுங்காக வேலை செய்தது. தன் கணிப்புச் சரியென்றே ஜெயசுதன் நினைத்தான்.

நடக்கச் சிரமப்படும் தாய் மகாதேவியை அயலவரிடம் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்துபோனாள் கோபிகா. மூன்றாம் கிழமை, அயலவர் கடைக்குப் போயிருந்த நேரம் மகாதேவி கிணற்றடியில் விழுந்தார். வலது கை முறிந்தது.

இதையறிந்த சோமசேகரம் அந்த லைனை ஒருதரம் பார்த்துவரச் சொன்னதும் ஜெயசுதன் பருத்தித்துறைக்குப் போனான். முதலில் வீட்டு லைனை விட்டுவிட்டுத் தன் போனின் இணைப்பில் லாப்டொப்பைப் போட்டுப் பார்த்தான். அப்போதும் அதே கதை. அப்படியென்றால் பிழை வீட்டு லைனில் இல்லை. தரவு எந்த வழியாகப் போகிறதென்று காட்டும் ரவுட்டிங் அட்டவணையைப் பார்த்தான். எல்லாத் தரவும் வி.பி.என். வழியாகத்தான் போக வேண்டும், அப்படியே போனது. வெளியிலிருந்த ஒரு சேர்வரின் எண் முகவரிக்குப் பிங் என்ற சோதனைச் செய்தி அனுப்பினான், பதில் வந்தது. பாதை திறந்துதான் இருக்கிறது. ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் எண் முகவரியைக் கேட்டபோதுதான் பதிலே இல்லை.

வி.பி.என். இணைப்பில், பெயருக்கு எண்ணைத் தேடித்தரும் டி.என்.எஸ். அமைப்பைத் திறந்தான். மற்றவர்களுக்குத் தானாக வரும் முகவரி இங்கே கையால் எழுதப்பட்டிருந்தது. அது அலுவலகத்தின் பழைய சேர்வருடையது. போன வருடம் அவசரத்தில் எழுதியவன் அவனே. ஒரு மாதத்துக்கு முன், அந்தச் சேர்வரை நிறுத்தியவனும் அவன்தான்.

தானாகப் பெறும்படி மாற்றி, வி.பி.என்.னைத் துண்டித்து மறுபடி இணைத்தான். தளங்கள் திறந்தன. இரண்டு நிமிட வேலை.

ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போயிருக்கலாம். உள்ளறையில் மகாதேவி வேதனையில் முனகுவது கேட்டது.

"லைன் பிழையில்லைத் தங்கச்சி," என்றான். "பிழை என்ரை."

நடந்ததையெல்லாம் சொன்னான். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அண்டைக்கே சொன்னனான் அண்ணை, நிப்பாட்டினால் திறக்குதெண்டு."

"ஓம். நான் கேக்கேல்லை."

அவள் முன்னாலேயே சோமசேகரத்துக்குப் போன் எடுத்து அதையே சொன்னான். கோபிகா இனி வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும் என்றார் அவர்.

மகாதேவியின் எலும்பு பொருந்திவிட்டது. விரல்கள் மட்டும் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. கோபிகா இப்போது ஏதாவது கேட்டால் எழுத்தில்தான் கேட்கிறாள். ஜெயசுதன் ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசிக்கிறான்.