எண் போடாத அம்பு

அவனை எல்லோரும் ஸ்கெட்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை வங்கிக்காரர்கள் மட்டும் எப்போதாவது கேட்பார்கள். பகலில் வண்டிகளுக்கு நம்பர் பலகை எழுதுவான். மாலையில் கபடி அணியின் மாஸ்டருக்குப் படம் போடுவான். மாஸ்டருக்கு வாய் உண்டு, கை உண்டு, அதிலும் அடிக்கிற கை நன்றாகவே உண்டு. வரைகிற கைதான் கிடையாது. அவர் சொல்வதை வெள்ளைப் பலகையில் கோடாகவும் வட்டமாகவும் மாற்றித் தருவது ஸ்கெட்ச்சின் வேலை.

அவன் படத்தைப் பார்த்தால் ஆட்டம் தெரியாதவனுக்கும் புரியும். மேலே நடுக்கோடு. அதற்குக் கீழே நம் ஆட்கள் ஏழு பேர், ஏழு சிவப்பு வட்டம். ‘கபடி கபடி’ என்று பாடி வருகிற எதிரணிக்காரன் நீல முக்கோணம். ஓடினால் நேர்கோடு, ஏமாற்றி அசைந்தால் புள்ளிக்கோடு. பிடிக்கப் போகிறவனின் அம்பு முனையில் ஒரு எண் இருக்கும். ஒன்று போட்டவன் முதலில், இரண்டு போட்டவன் பிறகு. மேலிருந்து பார்த்து வரைகிற படத்தில் ஆள் எங்கே நிற்கிறான் என்பது தெரியுமே தவிர, எந்த உயரத்தில் அடிக்க வேண்டும் என்பது தெரியாது. ஆகவே அம்பின் பக்கத்தில் ‘கணுக்கால்’, ‘தொடை’, ‘இடுப்பு’ என்று பொடி எழுத்தில் எழுதுவான். இது அவனாகவே கண்டுபிடித்த பழக்கம், யாரும் சொல்லித் தரவில்லை.

அவனும் ஆடியவன்தான். பதினோரு வருடத்துக்கு முன்பு அவன் பாடப் போனால் எதிரணி தண்ணீர் குடிக்கும். ஒரு நாள் ஒருத்தன் கணுக்காலைப் பிடிக்க, இன்னொருத்தன் வந்து மோத, இடது முட்டி மடங்கக் கூடாத பக்கம் மடங்கிவிட்டது. அத்தோடு ஆட்டம் முடிந்தது. அன்றைக்கு எதிரணிக்கு மாஸ்டராக இருந்தவர்தான் மருத்துவமனைக்குப் பழத்தோடு வந்தார், பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினார், பிறகு தன்னோடு சேர்த்துக்கொண்டார். “எதிரியா இருந்தும் வந்து பாத்தாரே, அந்த மனசு யாருக்கு வரும்?” என்று அவன் மனைவி இன்றும் சொல்வாள். அவனும் அப்படித்தான் நம்பினான். விதி என்று வாரிச் சுருட்டி ஒரு மூலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தான்.

இந்த வருட அரையிறுதி. இடைவேளையில் மூன்று புள்ளி பின்தங்கி எல்லோரும் உடை மாற்றும் அறைக்குள் வந்தார்கள். வியர்வையும் வலிமருந்தும் சேர்ந்து மூச்சை அடைத்தது. மாஸ்டர் கதவைச் சாத்திய கையோடு இடியன் கன்னத்தில் ஒன்று விட்டார். இடியன் வலது கவர், ஓரத்து ஆளுக்கு அடுத்து நின்று தோளால் மோதியே ஆளை வெளியே தள்ளுகிறவன். அந்த அடியில் அவன் பெஞ்சியில் போய் விழுந்தான்.

“அவங்க எட்டாம் நம்பர் ஒருத்தனே ஒம்போது புள்ளி எடுத்துட்டுப் போறான். நீங்க எல்லாம் எதுக்குடா சோறு திங்கிறீங்க? ஸ்கெட்ச், போடு படத்தை!”

ஸ்கெட்ச் வேகமாகப் போட்டான். எட்டாம் நம்பர் எப்போதும் வலது கார்னர் பக்கம் வந்து இடது காலை நீட்டித் தொடுகிறான். அங்கே நிற்பவன் உடும்பு, பிடித்தால் விடமாட்டான். உடும்பின் அம்புக்கு ஒன்று, ‘கணுக்கால்’. இடியன் அம்புக்கு இரண்டு, ‘இடுப்பு’. கணுக்காலைப் பிடித்து இழுத்ததும் ஆள் நிலை தவறுவான், அப்போது இடுப்பில் மோதினால் பக்கக் கோட்டுக்கு வெளியே போய் விழுவான். சுத்தமான பிடி.

மாஸ்டர் பலகையை முறைத்தார். உள்ளங்கையால் இரண்டு எண்களையும் அழித்தார். ‘இடுப்பு’ என்பதையும் அழித்தார்.

“நம்பர் எதுக்கு? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல. அவன் கால் நீட்டி ஊனி இருக்கும்போதே. இடியா, நீ கீழ போ. அவன் முட்டியில கட்டுப் போட்டிருக்கான் பாத்தியா? அங்க.”

ஸ்கெட்ச் அழிந்த இடத்தைப் பார்த்தான். எண் போனால் அந்தப் படத்துக்கு ஒரே அர்த்தம்தான். கணுக்கால் பிடியில், பாதம் தரையில், முட்டியில் எண்பது கிலோ.

“வேணாம் மாஸ்டர்,” என்றான். “அவன் கால் போயிடும்.”

“போகட்டும்டா. நடுவர் கண்ணுக்கு அது வெறும் மோதல்தான்.”

“நான் போட மாட்டேன்.”

மாஸ்டர் சிரித்தார். கோபத்தில் சிரிக்கிற சிரிப்பு. “நீ போடாட்டி என்ன? பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இதே படத்தைத் தரையில சாக்பீஸால நானே போட்டேன். வேலை செஞ்சுதா இல்லையா? நீயே சாட்சி!”

பழம், மருத்துவமனைக் கட்டில், தலையைத் தடவிய கை, எல்லாம் ஒன்றாக ஸ்கெட்ச்சின் நினைவுக்கு வந்தது. அந்தக் கையில்தான் சாக்பீஸும் இருந்திருக்கிறது. பாவி! அவன் முழங்கையால் பலகை மொத்தத்தையும் தேய்த்து அழித்தான். மாஸ்டர் ஓங்கி அறைந்தார். இத்தனை வருடத்தில் முதல் முறையாக ஸ்கெட்ச் திருப்பி அடித்தான். மூடிய முஷ்டி அவர் மூக்கில் இறங்கி, ரத்தம் சட்டையில் ஒழுகியது. இரண்டு பேர் வந்து அவன் கையை முறுக்கிச் சுவரோடு அழுத்தினார்கள்.

அப்படியே நின்று கத்தினான்: “இடியா, என் பேன்ட்டைத் தூக்கிப் பாருடா! முட்டியைப் பாருடா! இதைத்தான்டா உன்னைச் செய்யச் சொல்றான்!”

இடியன் நிஜமாகவே குனிந்து தூக்கிப் பார்த்தான். தையல் போட்ட தழும்பு தொடை வரை ஓடியது. எலும்பு இடம் மாறி ஒட்டியிருந்தது. இடியன் துணியை இறக்கிவிட்டு வெளியே போனான். மாஸ்டர் மூக்கைத் துடைத்தபடி பின்னாலேயே போய் அவன் காதில் ஏதோ சொன்னார்.

இரண்டாம் பாதியின் கடைசிப் பாட்டு. நம் அணி எட்டிப் பிடித்து ஒரு புள்ளி முன்னால். எட்டாம் நம்பர் பாடிக்கொண்டு வந்தான். வலது பக்கம் சாய்ந்தான், புள்ளிக்கோடு போல ஒரு அசைவு காட்டினான், இடது காலை நீட்டினான். உடும்பு பாய்ந்து கணுக்காலைக் கவ்வினான். இடியன் தாழக் குனிந்து ஓடி வந்தான், நேராக அந்த முட்டிக் கட்டைப் பார்த்து. ஸ்கெட்ச் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடாமல் நின்றான். கடைசி அடியில் இடியன் தோள் நிமிர்ந்தது. மோதல் இடுப்பில் விழுந்தது, அதுவும் அரை மனசோடு. எட்டாம் நம்பர் முறுக்கிக்கொண்டு, இருவரையும் இழுத்தபடி மல்லாந்து பாய்ந்தான். விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டது. பிடித்தவர்கள் இருவரும் அவுட், எதிரணிக்கு இரண்டு புள்ளி. ஆட்டம் போயிற்று.

ஸ்கெட்ச் வாய்விட்டுச் சிரித்தான். சொந்த அணி தோற்றதற்குச் சிரித்தவன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். அந்தச் சிரிப்பை இடியன் பார்த்துவிட்டான். மைதானத்துக்கு வெளியே, பேருந்து நிற்கும் இடத்தில் வந்து பிடித்தான்.

“உன்னாலதான்டா! குனிஞ்சு போறேன், உன் தழும்புதான் கண்ணுல வந்து நிக்குது. உன்னாலதான் தோத்தோம்!”

முதல் குத்தில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் பல் ஒன்று ஆடியது. ஸ்கெட்ச் கையை உயர்த்தவில்லை. மூன்றாவது குத்துக்கு ஓங்கிய இடியன், அதைப் பேருந்துத் தகரத்தில் இறக்கினான். பிறகு அழுதுகொண்டே போய்விட்டான்.

ஸ்கெட்ச் பேருந்துப் படியில் சாய்ந்து ரத்தத்தைத் துப்பிக்கொண்டிருந்தான். அது எதிரணியின் பேருந்து. எட்டாம் நம்பர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான், இவன் கிடந்த கோலத்தைப் பார்த்து முகம் சுளித்தான்.

“தண்ணியப் போட்டுட்டு வழியில கிடக்காதய்யா, தள்ளு.”

ஸ்கெட்ச் தள்ளி உட்கார்ந்தான். எட்டாம் நம்பர் அவனைத் தாண்டி, படியை இரண்டு இரண்டாக ஏறி உள்ளே போனான்.