லாஸ்பேட்டை வீட்டின் பாலிசி நம்பர்

ஆவணியில் மகளுக்கு வளைகாப்பு. தலைப்பிரசவம் என்பதால் வளையல் போட்ட கையோடு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அந்த வீட்டில் கரண்ட் இல்லை. இது நடந்து மூன்று வருஷம் ஆகப் போகிறது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஒரு பக்கம் அந்த நாட்கள் திரும்ப வராதா என்று ஏக்கமாகவும் இருக்கிறது. அப்போது சிரிப்பு வரவில்லை.

பத்தொன்பது வருஷம் லாஸ்பேட்டையில் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். என் மகள் நடை பழகியது, பள்ளிக்கூடம் போனது, கல்யாணமாகிப் போனது எல்லாம் அந்த வீட்டில்தான். வீட்டு ஓனர் தன் மகனுக்கு வீடு வேண்டும் என்றார். நாங்களும் ரெட்டியார்பாளையம் தாண்டி வாங்கிப் போட்டிருந்த மனையில் ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு கிச்சன் என்று கட்டி முடித்திருந்தோம். என் வீட்டுக்காரர் மில்லில் இருந்தவர். மில்லை மூடிய பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் கேட் வாட்ச்மேன். ஆனி, ஆடியில் குடி போகக் கூடாது என்று வைகாசியிலேயே பால் காய்ச்சிவிட்டோம். கரண்ட் வந்த பிறகு போகலாமே என்று நான் சொன்னேன். "கம்பம் வீட்டு வாசல்லயே நிக்குது. பதினைஞ்சு நாள்ல குடுத்துடணும்னு ரூலே இருக்காம்" என்றார் அவர். பால் காய்ச்சின அன்றைக்கே மனு கொடுத்தோம்.

மனு கொடுத்தது பிரவுசிங் சென்டரில். நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். கம்ப்யூட்டர் முன்னால் போனாலே கை வேர்க்கும். அங்கே இருந்த பெண் நல்ல மாதிரி. பத்திரம், ஆதார், ஒயரிங் காண்ட்ராக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துகொண்டே கேள்வி கேட்டாள்.

"அக்கா, பக்கத்து பாலிசி நம்பர் சொல்லுங்க."

எங்கள் ஊரில் கரண்ட் பில்லில் இருக்கும் நம்பருக்குப் பாலிசி என்றுதான் பேர். இன்ஷூரன்ஸ் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான் என்பார்கள். பத்தொன்பது வருஷம் மாதா மாதம் வரிசையில் நின்று பில் கட்டியவள் நான். நம்பர் என்று கேட்டதும் வாய் தானாக ஒப்பித்தது. அவள் அடித்தாள். போனில் மெசேஜ் வந்தது. மனு நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

பதினைந்து நாள் போனது. ஒருவரும் வரவில்லை.

அந்த வைகாசி வெயிலை எப்படிச் சொல்வது. மத்தியானம் ரெண்டு பேரும் மொசைக் தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்துக் கிடப்போம். விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்பத்து லைட் வெளிச்சத்தில் கீரை ஆய்வேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மில் கதை சொல்வார். கல்யாணமான புதிதில்கூட அவர் அத்தனை பேசினதில்லை. டிவி இல்லாததால் வந்த பேச்சு. எதிர்வீட்டு அக்கா தினமும் என் போனை வாங்கிச் சார்ஜ் போட்டுக் கொடுப்பாள். "எங்க வூட்லேர்ந்து ஒரு ஒயரு இழுத்துக்கோயேன்" என்றும் சொன்னாள். அது தப்பு, பிடித்தால் அவளுடைய இணைப்பும் போய்விடும் என்று எனக்குப் பயம். வேண்டாம் என்றுவிட்டேன்.

மகள் கடலூரிலிருந்து போன் செய்வாள். "கரண்ட் வந்துச்சாம்மா?" என்பதுதான் முதல் பேச்சு. ஒரு நாள் போனைச் சம்பந்தியம்மாள் வாங்கினாள்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க அண்ணி. மாசமா இருக்குற புள்ள, புழுக்கத்துல எப்படிப் படுக்கும்? ஒங்க வூட்ல கரண்டு வரலன்னா பிரசவத்த இங்கயே பாத்துக்கறோம்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. முதல் பிள்ளைக்கு மகளை அழைத்து வர முடியாத தாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

எங்கள் பகுதி கரண்ட் ஆபீசுக்கு நடந்தேன். கவுண்டரில் இருந்தவர் மனு நம்பரைத் தட்டிப் பார்த்தார். "பெண்டிங்னு காட்டுதும்மா. வரும்." அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரம் என்னைப் பார்த்ததும் அவரே சொன்னார். "பெண்டிங்தாம்மா." நான் திரும்பி நடந்து வந்தேன். வழியெல்லாம் ஏதேதோ நினைப்பு. பத்திரத்தில் பிழையோ, மனை அளவு சரியில்லையோ, யாராவது ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருப்பார்களோ?

ஆனி நடுவில் ஒரு வெள்ளைத் தாளில் நினைவூட்டு மனு எழுதினேன். மனு போட்ட நாள், மனு நம்பர், பதினைந்து நாள் தாண்டிவிட்டது, காரணம் தெரியப்படுத்தவும். அவ்வளவுதான். அதற்கே நாலு தாள் கிழிந்தது. தபால் பிரிவில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வந்தேன். அதற்கும் பதில் இல்லை.

"புகார் குடுத்துட வேண்டிதான்" என்றார் என் வீட்டுக்காரர். கம்பெனியில் யாரோ சொன்னார்களாம், கரண்ட் குறைகளை விசாரிக்கத் தனியாக ஒரு குறைதீர் மன்றம் இருக்கிறது, வக்கீல் வேண்டாம் என்று.

"வேணாங்க. கோவம் வந்து இன்னும் இழுத்தடிச்சா?"

"இன்னா, கம்பத்தப் புடுங்கினு பூடுவாங்களா? இப்ப மட்டும் இன்னா, சீரியல் செட்டு போட்டா குடுத்திருக்கான்?"

சிரித்துவிட்டேன். சிரித்த வேகத்திலேயே புகாரை எழுதி முடித்தேன். மனுவின் நகல், சீல் போட்ட நினைவூட்டு நகல் ரெண்டையும் பின் குத்தினேன். கடைசியில் இதையும் எழுதினேன்: "என் மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். ஆவணிக்குள் மின்சாரம் வேண்டும்." இதையெல்லாம் எழுதலாமா என்று அவரைக் கேட்டேன். "அதத்தாண்டி மொதல்ல எழுதியிருக்கணும்" என்றார்.

புகாருக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள். நகலை மின்சார அலுவலகத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்களாம். பத்தாவது நாள் போன் வந்தது. உதவிப் பொறியாளர் நேரில் வரச் சொல்கிறார் என்றார்கள். என் வீட்டுக்காரர் லீவு போட்டுக் கூட வந்தார்.

உதவிப் பொறியாளர் ஒரு பெண். என் மகளைவிட நாலைந்து வயசு கூட இருக்கலாம். கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

"அம்மா, ஒங்க மனு எங்க ஆபீசுக்கே வரல. லாஸ்பேட்டைப் பக்கம் போயிருக்கு. பக்கத்து வீட்டு பாலிசி நம்பர வெச்சுத்தான் ஏரியா பிரியும். அங்க லைன் இன்ஸ்பெக்டர் போயி பாத்துட்டு, இந்த வீட்ல ஏற்கெனவே சர்வீஸ் இருக்குன்னு எழுதி நிறுத்தி வெச்சிருக்காரு. இந்த நம்பர் யாரு குடுத்தது?"

திரையில் பார்த்தேன். எங்கள் பழைய வீட்டு நம்பர். அந்த வீட்டின் பச்சைக் கதவு, சுவரில் மகளின் உயரத்துக்குப் போட்ட பென்சில் கோடுகள், மீட்டர் பெட்டி மேல் கூடு கட்டும் சிட்டுக்குருவி எல்லாம் அந்த நம்பரோடு கண் முன்னால் வந்து நின்றன. புது வீட்டுக்கு வந்த பிறகும் என் வாய் மட்டும் அங்கேயே குடியிருந்திருக்கிறது. பிரவுசிங் சென்டர் பெண் தப்பாக அடித்துவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"நான்தாம்மா குடுத்தேன். பழைய வீட்டு நம்பரு. பழக்கத்துல சொல்லிட்டேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப புகார வாபஸ் வாங்கிக்கணுங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? நம்பர் தப்புன்னா ஒங்களுக்கு அப்பவே தெரிவிச்சிருக்கணும். ஒரு போன் பண்ணியிருந்தா முடிஞ்சிருக்கும். அது எங்க தப்பு. மன்றத்துக்கும் அப்படித்தான் பதில் எழுதப் போறேன்" என்றார். பிறகு கொஞ்சம் சிரித்து, "எதிர்வீட்டு பில்லு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. இந்த தடவ பாத்து" என்றார்.

மறுநாள் எதிர்வீட்டு அக்காவின் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்துத் திருத்த மனு கொடுத்தேன். மனு எங்கள் பகுதிக்கு மாறியது. ரெண்டு நாளில் ஆள் வந்து கம்பத்திலிருந்து தூரம் அளந்தார். டெபாசிட் கட்டச் சொல்லிச் சீட்டு வந்தது, அன்றைக்கே கட்டினோம். வளைகாப்புக்கு ஆறு நாள் இருக்கும்போது லைன்மேன் ஏணியோடு வந்தார். ஏணியில் நின்றபடியே, "இன்னாம்மா, ஒங்க லெட்டரு ஆபீஸு பூரா சுத்துது" என்று கத்தினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மீட்டர் பொருத்தி, சீல் வைத்து, ஸ்விட்சைப் போடச் சொன்னார். என் வீட்டுக்காரர்தான் போட்டார்.

கடலூரில் வளைகாப்பு. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த சம்பந்தியம்மாளிடம் போனை நீட்டி மீட்டர் படத்தைக் காட்டினேன். "அட, நான் நம்ப மாட்டேனா அண்ணி? இதப் போயி போட்டோ புடிச்சினு வந்திருக்கீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் மகளை அழைத்துக்கொண்டு வந்தோம்.

நாலைந்து நாள் கழித்து மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. குறை தீர்ந்ததா, ஏதும் ஆட்சேபம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். மகள் ஹாலில் பாய் விரித்துப் படுத்தபடி எனக்குப் படித்துக் காட்டினாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பதில் எழுதினேன். "நம்பர் தப்பாகக் கொடுத்தது நான். சொல்லாமல் விட்டது அலுவலகம். மின்சாரம் வந்துவிட்டது. மகளும் வந்துவிட்டாள். புகாரை முடித்துக்கொள்ளலாம்."

"மகளும் வந்துட்டாள்னு அவங்களுக்கு எதுக்கும்மா?" என்றாள்.

"கேட்டாங்க இல்ல, கொறை தீந்துச்சான்னு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வயிறு மேலும் கீழும் ஏறி இறங்கியது.

"அம்மா, ஃபேனக் கொஞ்சம் கொறையேன். குளுருது."

எழுந்து போய் ஒரு புள்ளி குறைத்துவிட்டு வந்தேன்.