பல் டாக்டர் மாடியில் குதிரை

எதுக்கும் என்ற பெயரைக் குடும்பத்தில் முதன்முதலில் கேட்டவள் அவருடைய அண்ணி. அண்ணி என்றால் கூடப்பிறந்த அண்ணன் மனைவி இல்லை. பெரியப்பாவின் இரண்டாவது மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஏதோ ஓர் அவசரத்துக்கு அவர் வேலை பார்க்கும் மாலைப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டு, கொழுந்தனாரைக் கேட்டிருக்கிறாள். எடுத்தவருக்கு அப்படி ஒரு பேர்வழி இருப்பதே தெரியவில்லை. கண்ணாடி போட்டிருப்பார், எதைக் கொடுத்தாலும் ஒரு முறை திருப்பிப் பார்ப்பார் என்று அடையாளம் சொன்ன பிறகுதான், "அட, நம்ம எதுக்குமா? முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா" என்று கூப்பிட்டுக் கொடுத்தார்.

"எதுக்கும் ஒரு தடவை பாத்துருவோம்" என்பது அவர் வாயில் ஒட்டிக்கொண்ட பேச்சு. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பார். அணைத்த அடுப்பை அணைத்தாயிற்றா என்று பார்ப்பார். தும்மினால்கூட, தும்மியது தான்தானா என்று பார்ப்பார் என்று மனைவி சொல்லுவாள். ஆனால் பத்திரிகையில் அந்தக் குணத்துக்கு வேலை இருந்தது. செய்தியும் படமும் அச்சுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்க்கிறவர் அவர்தான்.

அவருடைய மச்சினன், அதாவது மனைவிக்கு நேர் இளையவன், அதே பத்திரிகையின் படக்காரன். சேர்த்துவிட்டவர் எதுக்கும்தான். கை சுத்தம், கண் சுத்தம், வாய்தான் கிடையாது. பிறந்து நாலு வயது வரைக்கும் பேசாமல் இருந்து, பிறகு பேசி, பேசியது பிடிக்காமல் திரும்பவும் நிறுத்திக்கொண்டவன் என்று அவன் அக்காவே கேலி செய்வாள். அலுவலகத்தில் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். படத்தைப் போனில் அனுப்புவான். எங்கே, என்ன, யார் என்று ஒரு வரி இருக்காது. இவர்தான் திரும்பக் கூப்பிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் பல் பிடுங்குகிற மாதிரி பிடுங்கி எழுதுவார்.

ஒரு நாள் காலை அப்படித்தான் ஒரு படம் வந்து விழுந்தது. இரண்டு மாடிக் கட்டடம். கீழே பல் டாக்டர் கிளினிக், மேலே பெயர்ப்பலகை. அதற்கும் மேலே, இரண்டாவது மாடி பால்கனியில், துணி காய்கிற கொடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் குதிரை நின்றது. முகத்தில் வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்களுடைய யோசனை.

எதுக்கும் கூப்பிட்டார். இடம் கேட்டார், பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் என்றான். குதிரை எப்படி ஏறியது என்று கேட்டார்; "படியில" என்றான். அதற்குள் பக்கம் கட்டுகிறவர் வந்து தலைக்குமேல் நின்றார். பளபளப்பு என்பார்கள் அவரை. எந்தப் படம் கையில் கிடைத்தாலும் கணினியில் "தெளிவாக்கு" என்ற பொத்தானை அமுக்கிவிடுவார். மங்கலான படம் அவருக்கு அழுக்குச் சட்டை மாதிரி; துவைக்காமல் தெருவில் அனுப்பமாட்டார். குதிரையையும் துவைத்தார். பக்கம் எதுக்குமின் மேஜைக்கு வந்தது. தலைப்பைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், குதிரையின் காலை எண்ணினார். நாலு இருந்தது. அனுப்பிவிட்டார். எல்லோரும் குதிரையைத்தான் பார்த்தார்கள்.

பல் டாக்டர் மட்டும் குதிரையைப் பார்க்கவில்லை. அவர் தன் பலகையைப் பார்த்தார். பேப்பர் கடைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் போனில் பிடித்துக்கொண்டார். படத்தில் அவர் பலகையில் இருந்த எழுத்து தூரத்தில் தமிழ் மாதிரி இருந்தது. கிட்டத்தில் எந்த மொழியும் இல்லை. ஓர் எழுத்துக்கு மூன்று கொம்பு, இன்னொன்றுக்குப் பின்னால் வால். இருபது வருஷமாகத் தொங்குகிற என் பெயரையே மாற்றிவிட்டீர்களே, பலகையே பொய் என்றால் குதிரை மட்டும் எப்படி நிஜம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பின்னாலேயே வாசகர்கள் வரிசை கட்டினார்கள். மெஷினில் செய்த படம், பத்திரிகை ஏமாற்றுகிறது என்று ஊர் முழுக்கப் போனில் சுற்ற ஆரம்பித்தது.

முதலாளி கூப்பிட்டார். அவர் பக்கத்தில் அவருடைய மருமகன், போனும் கையுமாக. படம் நிஜமா, மெஷின் செய்ததா என்று சொல்லுகிற ஒரு செயலி வைத்திருந்தார். அச்சான படத்தை அதில் போட்டால் தொண்ணூற்றொரு சதவீதம் மெஷின் என்று சிவப்பில் காட்டியது. கட்டட உரிமையாளரும் தன் பங்குக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். அதே பால்கனி. கொடியில் துணி. குதிரை இல்லை.

"போதுமா?" என்றார் முதலாளி. "நாளைக்கு முதல் பக்கத்துல போட்டுடுங்க. படம் போலி, வருந்துகிறோம், படக்காரரை நீக்கிட்டோம். நீங்களே எழுதுங்க. உங்க ஆளுதானே."

கடைசி வார்த்தையில்தான் ஊசி இருந்தது. மச்சினனைக் காப்பாற்றுகிறார் என்று பேச அங்கே எல்லோரும் தயாராக இருந்தார்கள். எதுக்கும் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவன் செய்திருந்தால் தன் கையாலேயே எழுதித்தான் ஆகவேண்டும். எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் மனைவி முகத்தில் விழிக்கவும் வேண்டும். செய்யாமல் இருந்தால், செய்யாத திருட்டை அவன் தலையில் அச்சடித்ததாக ஆகும்.

"எழுதறேன்யா. எதுக்கும் ஒரு தடவை பாத்துட்டு எழுதறேன்."

மருமகன் சிரித்தார். செயலியே சொல்லிவிட்டதே, இன்னும் என்ன பார்க்கிறது என்றார். சுவரில் பத்திரிகையைத் தொடங்கிய பெரிய முதலாளியின் படம் மாலையோடு மாட்டியிருந்தது. பழுப்பேறிப் போன சின்னப் படத்தைப் பளபளப்புதான் பெரிதாக்கிக் கொடுத்திருந்தார். எதுக்கும் அதன் நகலைச் செயலியில் போட்டுப் பார்க்கச் சொன்னார். தொண்ணூற்றாறு என்று வந்தது.

முதலாளி போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "எங்கப்பா மெஷின்ல செஞ்சவரா?"

"அப்படி இல்லய்யா. மெஷின் கை பட்டிருக்குன்னு அதுக்கு ஒரு வாடை அடிக்குது. எங்க பட்டுச்சு, யாரு பட்டாங்க, அதுக்குத் தெரியாது. சிலசமயம் வாடையே தப்பாவும் அடிக்கும்."

மருமகன் தன் படத்தையே போட்டுப் பார்த்தார். எவ்வளவு வந்தது என்று யாருக்கும் காட்டவில்லை.

எதுக்கும் மச்சினனுக்கு எழுதினார். திருடனா என்று கேட்கிற மாதிரி கேட்கக்கூடாது என்பது அவர் வழக்கம். நீ அனுப்பின படத்தின்மேல் சந்தேகம் வந்திருக்கிறது, நீ எடுத்தபடியே உன் போனில் இருக்கிற மூலத்தையும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்ததையும் கொண்டு வா என்று எழுதினார். பதிலுக்கு ஒரு படம் வந்தது: பங்க்சர் ஆன ஸ்கூட்டர் சக்கரம். எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். பங்க்சர் கடைக்காரர் முதுகு வந்தது. எப்போது வருவாய் என்று கேட்டதற்கு, மேகம் மூடின வானம் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அலுவலகமே கூடி ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஆளே வந்து நின்றான்.

போனை நீட்டினான். போனில் அனுப்பி வருகிற படம் சுருங்கி, எடுத்த நேரத்தையெல்லாம் உதிர்த்துவிட்டு வரும்; போனில் இருந்தது முழுசாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் பலகையில் டாக்டர் பெயர் மணிமணியாக, அவருடைய படிப்பு வரைக்கும் தெரிந்தது. அப்புறம் வரிசையாக ஆறேழு படம். குதிரை தலையைத் திருப்புகிறது, கொடியை மோப்பம் பிடிக்கிறது, ஒரு போர்வையை வாயில் கவ்வுகிறது.

எதுக்கும் பளபளப்பைத் திரும்பிப் பார்த்தார். பளபளப்பு ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெதுவாக, பலகை மங்கலாக இருந்தது, தெளிவாக்கு அமுக்கினேன், எப்போதும் அமுக்குகிறதுதானே என்றார். மெஷினுக்குப் படிக்கத் தெரியாது. மங்கின எழுத்து என்னவென்று தெரியாத இடத்தில் எழுத்து மாதிரி ஒன்றைத் தானே போட்டு நிரப்பிவிட்டது. குதிரைக்கும் ஒன்றிரண்டு மயிர் கூடக் கொடுத்திருந்தது.

முதலாளிக்கு முகம் தெளிந்தது. ஆனால் எதுக்கும் விடவில்லை. எடுத்த நேரத்தையும் மாற்றி வைக்கலாம், நான் நம்பினால் மச்சினன் என்பதால் நம்பிவிட்டேன் என்பார்கள் என்றார். உரிமையாளர் அனுப்பிய காலி பால்கனியும் எதையும் நிரூபிக்காது. அந்தப் படம் எடுத்தபோது அங்கே குதிரை இல்லை, அவ்வளவுதான். நம் வீட்டுப் பால்கனியிலும் இப்போது குதிரை இல்லை. சொல்லிவிட்டு, மச்சினனை அழைக்காமல் மருமகனை அழைத்துக்கொண்டு இடத்துக்குப் போனார்.

உரிமையாளர் வாசலிலேயே நின்று, குதிரையாவது ஒன்றாவது என்றார். இது தெரிந்தால் நல்ல குடித்தனக்காரர் யாரும் வரமாட்டார்கள் என்ற கவலை அவருக்கு. படியில் கழுவின ஈரம். மருமகன் எதையோ மிதித்து, செருப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சுவரில் தேய்த்தார். இரண்டாவது மாடியில் ஓர் அம்மா கதவைத் திறந்தார். கிழிந்த போர்வையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

குதிரை வந்ததா என்று கேட்டார்கள்.

"வந்துச்சே. நாய் துரத்தி மேல ஏறிடுச்சு. பூங்காவுல பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போற குதிரை அது. ஏறத் தெரிஞ்ச சனியனுக்கு இறங்கத் தெரியல. குதிரைக்காரரு அதோட கண்ணைக் கட்டி, படிமேல மரப்பலகை போட்டுத்தான் இறக்கினாரு."

இதை ஏன் இத்தனை நேரம் சொல்லவில்லை என்று மருமகன் கேட்டார்.

"என்னை யாரு கேட்டா? எல்லாரும் கீழ டாக்டரைத்தான் கேட்டாங்க. அவரு வாய்க்குள்ளயே பாத்துக்கிட்டு இருக்கறவரு, மேல எப்படித் தெரியும்?"

பூங்காவில் குதிரைக்காரரையும், குதிரையையும் பார்த்தார்கள். காதோரம் படத்தில் இருந்த அதே கறுப்புப் புள்ளி. மருமகன் போனை எடுத்துக் குதிரையைப் படம் பிடித்துச் செயலியில் போடப் போனார். எதுக்கும் அவர் கையைப் பிடித்து, "வேணாம் தம்பி, நேர்ல நிக்குது" என்றார்.

மறுநாள் முதல் பக்கத்தில் அவர் எழுதியது இதுதான்: பால்கனியில் குதிரை நின்றது உண்மை. மூலப் படத்தையும் அதை ஒட்டி எடுத்த படங்களையும் பார்த்தோம், பார்த்தவர்களிடம் கேட்டோம். பலகையில் இருந்த எழுத்து பொய். அதைச் செய்தது எங்கள் அலுவலகக் கணினி, படக்காரர் அல்ல. அதைப் பார்க்காமல் விட்டது இதை எழுதுகிறவர். படக்காரர் அவருடைய மச்சினன். மூலப் படம் கீழே. டாக்டரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

மச்சினன் என்ற வார்த்தையை எடுத்துவிடலாமே என்றார் முதலாளி. அது இருந்தால்தான் மற்றதை நம்புவார்கள் என்றார் இவர்.

எல்லோரும் நம்பினார்கள் என்று சொல்லமுடியாது. பலகை நிஜம், குதிரைதான் பொய் என்று ஒரு கட்சி கிளம்பியது. பல் டாக்டர் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கிளினிக்கில் மாட்டிவைத்தார். குதிரையை மட்டும் பாதி வெட்டிவிட்டார். கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டவர்களுக்கெல்லாம் எதுக்கும் கோபப்படாமல், பார்த்ததை இது பார்த்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். ஊமைக்கோட்டான் வேலையில் இருந்தான். அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போனில் ஒரு படம் அனுப்பினான்: மேஜையில் தலையைச் சாய்த்துத் தூங்கும் மாமா. வார்த்தை ஒன்றும் இல்லை. இது நிஜம்தான், குறட்டை எனக்குக் கேட்கிறது என்று அக்கா எழுதினாள்.

பளபளப்பின் கணினியிலிருந்து அந்தப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். படங்கள் கொஞ்சம் மங்கலாகத்தான் வருகின்றன. எதுக்கும் இப்போதும் அதே அலுவலகத்தில், மாடி ஏறியதும் இடதுபக்க அறையில், பழைய வேலையோடு வாசகர் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லுகிற வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.