ஒரு படி வேண்டும்

சீட்டுக்காரி என்பது அவளுக்குக் கணவர் வைத்த பெயர். வீட்டில் ஒரு நிமிடம் வாய் மூடாதவள், வெளியே பத்துப் பேரின் வாயை மூடவைத்துச் சம்பளம் வாங்குகிறாளே என்று அவருக்குத் தீராத ஆச்சரியம். புதிய மென்பொருள் என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று, அதைப் பயன்படுத்தப் போகிறவர்களைக் கூட்டி முடிவெடுக்க வைப்பது அவள் வேலை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். கூட்டங்களில் அந்தப் பிள்ளை மட்டும்தான் பிழைக்கிறது. அதனால் முதலில் எல்லோரையும் பேசாமல் சீட்டில் எழுதச் சொல்வாள்.

அன்று ஒரு மருத்துவமனையில் கூட்டம். பெரிய டாக்டர், மருந்தாளுநர், நர்சுகள் எல்லோரும் சீட்டு எழுதினார்கள். பெயரில்லாமல் சுவரில் ஒட்டியாயிற்று. அடுத்து ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்க வேண்டும். பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இவளும் பயந்துபோய் விளக்கத்தைத் தாண்டிவிட்டு, ஒத்துப்போகிற சீட்டுகளைப் பேசாமல் ஒன்றுசேர்க்கச் சொல்லிவிட்டாள்.

‘ஒரு படி வேண்டும்’ என்ற சீட்டு, பயணப்படி, சீருடை, கேன்டீன் குறைகளோடு போய்ச் சேர்ந்தது. அந்தச் சீட்டுக் குவியலுக்கு யாரோ ‘மென்பொருளால் ஆகாதவை’ என்று தலைப்பு எழுதினார்கள். எது முதலில் வேண்டும் என்று கடைசியில் போடும் ஓட்டு அதற்குக் கிடையாது. ஓரத்தில் இருந்த நர்ஸ் ஒருத்தி அந்தச் சீட்டையே பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சீட்டுக்காரிக்குச் சுருக்கென்றது.

“ஓட்டுக்கு முன்னாடி எல்லாச் சீட்டையும் ஒரு தடவை படிச்சிடலாம். இந்தப் படி எந்தப் படி?”

“மாடிப்படியா இருக்கும், லிஃப்ட்தான் ஓடுறதே இல்லையே!” என்றார் மருந்தாளுநர். எல்லோரும் சிரித்தார்கள்.

“நகல்னு எழுதியிருக்கணும்,” என்றாள் அந்த நர்ஸ். “டாக்டர் மருந்தளவை மாத்தினா மருந்தகத்துக்கு மட்டும்தான் சீட்டு போகுது. வார்டுக்கும் ஒரு நகல் வரணும். போன மாசம் வரல. நான் பழைய அளவையே கொடுத்துட்டேன். அந்த நோயாளி பிழைச்சுட்டார், ஆனா எனக்கு மெமோ.”

சிரிப்பு நின்றது. சீட்டை மருந்து மாற்றங்கள் பற்றிய சீட்டுகளின் பக்கம் அவர்களே நகர்த்தினார்கள். பிறகு ஆளுக்கு ஐந்து தேவைகளைத் தனித்தனியாக, ரகசியமாக வரிசைப்படுத்தினார்கள். முதலாவதற்கு ஐந்து புள்ளி, கடைசிக்கு ஒன்று. கூட்டிப் பார்த்தபோது வார்டு நகல் முதலிடத்தில் நின்றது. பெரிய டாக்டர் ஆசைப்பட்ட பெரிய திரை நான்காவது. சீட்டுக்காரிக்கு மனசு நிறைந்துவிட்டது.

நர்ஸ் மெல்ல அருகில் வந்தாள். “அக்கா, அப்போ என் மெமோ?”

“அது என் கையில இல்லம்மா. அதுக்கு ஓட்டுப் போட முடியாதே.”

பெரிய டாக்டர் கதவருகே நின்றுவிட்டார்.

“அதுக்கு ஓட்டு வேணாம்,” என்றார். “அன்னைக்கு அளவை மாத்திட்டு வார்டுல சொல்லாம போனது நான்தான். மெமோ எனக்கு வரட்டும்.”